சொல்வதற்கு ஒரு நொடி முன்

2007 ஜனவரி 9-ஆம் தேதி காலை, சான் ஃபிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி வெஸ்ட் அரங்கில் கூடியிருந்த கூட்டத்துக்குப் பாதி விஷயம் முன்பே தெரியும். ஆப்பிள் ஒரு செல்போன் கொண்டுவரப்போகிறது என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதியிருந்தன. பெயர் ஐஃபோன் என்று இருக்கலாம் என்றும் பேச்சு அடிபட்டது. அந்தப் பெயரை சிஸ்கோ நிறுவனம் ஏற்கெனவே தன் பெயரில் பதிந்து வைத்திருந்ததால், அது மட்டும் நடக்காது என்று சிலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தெரிந்த செய்தியைக் கேட்கத்தான் அன்று கூட்டம் வந்திருந்தது. ஆனாலும் ஸ்டீவ் ஜாப்ஸ் அதைச் சொல்லி முடித்தபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. பொருள் அறிமுக விழா நடத்துகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் காணொளியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

தெரிந்த ஒன்றைச் சொல்லி ஆளை அசத்த முடிந்தது எப்படி? ஜாப்ஸின் ஆளுமை, மேடைக் கவர்ச்சி என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அவை இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஏறக்குறைய மூன்று நிமிடப் பேச்சை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தால், கவர்ச்சியைவிடக் கணக்கு அதிகமாகத் தெரிகிறது. யார் வேண்டுமானாலும் காகிதத்தில் எழுதிப் பார்க்கக்கூடிய கணக்கு.

அன்றைய கூட்டம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. முதல் இருபது நிமிடத்துக்கும் மேலாக ஜாப்ஸ் வேறு கதைகளைப் பேசினார். மேக் கணினிகள் இன்டெல் சிப்புக்கு மாறியது, ஐட்யூன்ஸில் விற்ற பாட்டுகளின் எண்ணிக்கை, ஆப்பிள் டிவி. கூட்டம் காத்திருந்தது. பிறகு அவர் நிறுத்தி, இந்த நாளை இரண்டரை வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அதோடு நின்றார்.

அந்த வாக்கியத்தில் பொருளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை, கவனித்தீர்களா? அது என்ன, எவ்வளவு, எப்போது என்று ஒன்றும் இல்லை. பேசுகிறவரின் குரலில் ஏதோ மாறிவிட்டது என்பது மட்டும் தெரிகிறது. பல விழாக்களில் இந்த இடத்தில்தான், “உங்களுக்கெல்லாம் ஒரு மகிழ்ச்சியான செய்தி, நாங்கள் ஒரு புத்தம்புதிய தயாரிப்பை…” என்று ஆரம்பித்துப் பாதியைக் கொட்டிவிடுகிறார்கள். ஜாப்ஸ் கதவைத் திறக்கவில்லை, கதவு ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் காட்டினார்.

அடுத்து வந்தது ஏணி. எப்போதாவது ஒருமுறைதான் எல்லாவற்றையும் மாற்றிவிடும் ஒரு பொருள் வரும் என்று ஆரம்பித்து, இரண்டு படிகள் வைத்தார். 1984-இல் மேக்கின்டாஷ்: அது ஆப்பிளை மட்டுமல்ல, கணினித் தொழிலையே மாற்றியது. 2001-இல் ஐபாட்: அது நாம் பாட்டு கேட்கும் விதத்தை மட்டுமல்ல, இசைத் தொழிலையே மாற்றியது. இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே அச்சு. முதலாவதைக் கேட்டவருக்கு இரண்டாவது எப்படி முடியும் என்று பாதியிலேயே தெரிந்துவிடும். இரண்டுமே கூட்டம் முன்பே ஒப்புக்கொண்ட விஷயங்கள், யாரும் மறுத்துப் பேச முடியாது. எதிர்பார்ப்பைக் கூட்டும் பகுதியில் எந்தப் புதிய உரிமைகோரலும் வைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். சந்தேகப்படுகிற மனம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். தலையாட்டிக்கொண்டே வருகிற மனம்தான் முன்னால் நகரும்.

ஏணியில் கூட்டத்தை ஏற்றிய பிறகு அவர் சொன்னது: இன்று அந்த வரிசையில் வைக்கத் தகுந்த மூன்று பொருட்களை அறிமுகப்படுத்துகிறோம்.

மூன்று! எல்லாரும் ஒன்றைத்தானே எதிர்பார்த்து வந்தார்கள்? இந்த இடத்தில்தான் அந்த எழுத்தின் மூளை இருக்கிறது. ஃபோன் வரும் என்ற செய்தி வெளியே போய்விட்டது, அதைத் திரும்ப மறைக்க முடியாது. எனவே ஃபோனை மறைக்கவில்லை. அது எத்தனை பொருள் என்பதை மறைத்தார்கள். முதலாவது, அகலத் திரையும் தொடுதிரைக் கட்டுப்பாடும் உள்ள ஐபாட். கைதட்டல். இரண்டாவது, புரட்சிகரமான ஒரு செல்போன். காதைப் பிளக்கும் கைதட்டல், ஏனென்றால் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். மூன்றாவது, இணையத் தொடர்புக்கான ஒரு புதுவகைக் கருவி. கைதட்டல் சற்றுத் தயங்கியே வந்தது. அது என்னவென்று யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. சாதாரணப் பேச்சாளர் இந்தத் தயக்கத்தைக் கண்டு பதறிப்போய் விளக்க ஆரம்பித்துவிடுவார். ஜாப்ஸ் விளக்கவில்லை. அந்தக் குழப்பம் அவருக்குத் தேவையாக இருந்தது.

பிறகு மூன்றையும் மறுபடி சொன்னார். இந்த முறை சுருக்கமாக: ஓர் ஐபாட், ஒரு ஃபோன், ஓர் இணையக் கருவி. பின்னால் திரையில் மூன்று சின்னங்களும் ஒன்றை ஒன்று துரத்துவதுபோலச் சுழல ஆரம்பித்தன. மீண்டும்: ஓர் ஐபாட், ஒரு ஃபோன்… அங்கே பட்டியலை முடிக்காமல் விட்டுவிட்டு, “புரிகிறதா?” என்று கேட்டார்.

கூட்டத்தில் ஆங்காங்கே சிரிப்பு, கூச்சல். அது பரவுகிறது. முன்வரிசையில் யாருக்கோ பொறி தட்ட, பின்னாலிருப்பவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு யோசித்து, அவருக்கும் தட்டுகிறது. அரங்கம் தானாகக் கண்டுபிடித்து முடித்த பிறகுதான் ஜாப்ஸ் சொல்கிறார்: இவை மூன்று தனித்தனிக் கருவிகள் அல்ல, ஒரே கருவி, அதற்குப் பெயர் ஐஃபோன்.

திரை விலக்கும் நிமிடத்துக்கு முன்னால் இடைவெளி விட வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். எதற்காக என்று கேட்டால் பரபரப்புக்காக என்று பதில் வரும். அது பாதிப் பதில்தான். கேட்கிறவர் அந்த இடைவெளியில் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும், கையில் இருக்கும் துண்டுகளை அவரே ஒட்டிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தவர், பேச்சாளர் சொல்வதற்கு ஒரு நொடி முன்பே விடையை அடைந்திருப்பார். அதன்பிறகு மேடையிலிருந்து வரும் வாக்கியம் செய்தி அல்ல, தன் ஊகம் சரி என்ற உறுதி. அந்தக் கைதட்டலில் கொஞ்சம் தனக்குத்தானே தட்டிக்கொள்வதும் உண்டு. ஒட்டிப் பார்க்கத் துண்டுகளே கொடுக்காமல் மூன்று நொடி சும்மா நின்றால், பேச்சாளர் வரியை மறந்துவிட்டார் என்றுதான் கூட்டம் நினைக்கும்.

நம் ஊர் விழாக்களில் இந்த இடத்தை இரண்டு வழக்கங்கள் கெடுக்கின்றன. ஒன்று, டிஜே போடும் டிரம் உருட்டல். காது நிறைந்துவிட்டால் மூளை யோசிக்காது. மற்றது, “பத்து… ஒன்பது… எட்டு…” என்று கூட்டத்தையே எண்ணவைப்பது. எப்போது வரும் என்று துல்லியமாகத் தெரிந்துவிடுவதால், என்ன வரும் என்ற கேள்வி கரைந்துபோகிறது. புத்தாண்டு இரவுக்கு அது சரி. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியுமே!

ஐஃபோன் என்ற பெயரைச் சொன்ன கையோடு வந்ததுதான் அந்த ஒற்றை வரி: இன்று ஆப்பிள் தொலைபேசியையே புதிதாகக் கண்டுபிடிக்கப்போகிறது. மேடையில் அந்த நேரத்து உணர்ச்சியில் வந்து விழுந்த வார்த்தைகள் மாதிரி கேட்கும். ஆனால் அதே நாளில் ஆப்பிள் பத்திரிகைகளுக்கு அனுப்பிய செய்திக்குறிப்பின் தலைப்பை எடுத்துப் பாருங்கள். ஐஃபோன் மூலம் ஆப்பிள் தொலைபேசியை மறுபடி கண்டுபிடிக்கிறது என்பதுதான் அது. மேடையில் சொன்னதும் காகிதத்தில் அச்சிட்டதும் ஒன்றே. அன்று மாலை செய்தி எழுதிய நிருபர்களுக்குத் தலைப்பு யோசிக்கிற வேலையே இல்லை. அந்த வரியை முதலில் தீர்மானித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கித்தான் மற்றதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்பது மூன்று நிமிடத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். எல்லாவற்றையும் மாற்றும் பொருள், தொழிலையே மாற்றிய மேக், தொழிலையே மாற்றிய ஐபாட்: இந்த ஏணி போய் நிற்கிற மாடி அந்த வரிதான்.

வரி முடிந்ததும், “இதோ” என்றார். திரையில் வந்தது என்ன தெரியுமா? பழைய காலத்துத் தொலைபேசி மாதிரி விரல்விட்டுச் சுற்றும் எண் சக்கரம் பொருத்திய ஓர் ஐபாட். அரங்கமே சிரித்தது. உண்மையானது இதோ இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அன்றிருந்த ஸ்மார்ட்ஃபோன்களின் குறைகளை விளக்கப் போய்விட்டார். பெயர் தெரியும், உருவம் இன்னும் தெரியாது. இந்தக் கேலிப் படத்தை வெறும் வேடிக்கை என்று நான் நினைக்கவில்லை. பெரிய வரிக்குப் பிறகு கூட்டம் கத்திக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்தில் எந்தத் தகவலைச் சொன்னாலும் வீண். காதைக் கேட்காமல் கண்ணுக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்தால், சத்தம் சிரிப்பாக மாறி, சிரிப்பு அடங்கும்போது கூட்டம் மறுபடி கேட்கத் தயாராக இருக்கும்.

இது எவ்வளவு தூரம் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது என்பதற்கு ஐஃபோன் விளம்பரப் படங்களே சாட்சி. முதல் ஐஃபோனின் படத்தில் திரையில் தெரியும் நேரம் 9:42. அப்போது ஆப்பிளில் மென்பொருள் பிரிவின் முக்கியப் புள்ளியாக இருந்த ஸ்காட் ஃபார்ஸ்டால் பின்னர் இதற்குக் காரணம் சொன்னார். பேச்சு தொடங்கி ஏறக்குறைய நாற்பதாவது நிமிடத்தில் பொருளின் பெரிய படம் திரைக்கு வரும்படி அமைப்பார்களாம். அந்த நொடியில் படத்தில் இருக்கும் நேரமும் பார்வையாளரின் கைக்கடிகார நேரமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக, இரண்டு நிமிடம் கூட்டி 9:42 என்று வைத்தார்கள். கணிப்பு ஏறக்குறையப் பலித்தது. 2010-இல் ஐபேடுக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கி 9:41 என்று வைத்தார்கள். அந்த நேரம்தான் பிறகும் பல ஆண்டுகள் ஆப்பிள் விளம்பரங்களில் நின்றது. நாற்பது நிமிடப் பேச்சில் இரண்டு நிமிடத்துக்குமேல் பிசகாது என்று நம்ப வேண்டுமானால், எத்தனை முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்!

இத்தனைக்கும் ஜாப்ஸின் கையில் இருந்த பொருள் அரைவேக்காடு. பத்திரிகையாளர் ஃப்ரெட் வோகல்ஸ்டீன், ஐஃபோனில் வேலை பார்த்த ஆண்டி கிரிக்னான் போன்ற பொறியாளர்களிடம் கேட்டு 2013-இல் அந்தக் கதையை எழுதினார். அந்த மாதிரிக் கருவியில் ஒரு பாட்டின் சிறு பகுதி ஓடும், முழுப் பாட்டும் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை. முதலில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பிறகு இணையம் பார்த்தால் வேலை செய்யும், வரிசையை மாற்றினால் தொங்கிவிடலாம். எந்த வரிசையில் எதைத் தொட்டால் கருவி சாகாது என்று பல வாரம் தேடி ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குத் ‘தங்கப் பாதை’ என்று பெயர் வைத்தார்கள். நினைவகம் நிரம்பிவிட்டால் மாற்றிக்கொள்ள மேடையில் கூடுதல் கருவிகள் இருந்தன. சிக்னல் கோடுகள் எப்போதும் ஐந்தும் காட்டும்படி மென்பொருளிலேயே எழுதிவைத்தார்கள்.

இதில் கடைசியாகச் சொன்னதை நான் ஆதரிக்க மாட்டேன். இல்லாத சிக்னலை இருப்பதாகக் காட்டுவது ஜோடனை எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் தங்கப் பாதை என்ற யோசனை எந்தச் சிறு விழாவுக்கும் பொருந்தும். பேச்சின் வரிசையைக் கருவி தாங்கும் வரிசையோடு ஒத்திகையிலேயே கட்டிவிடுவது. மேடையில் ஏறிய பிறகு, “இன்னொன்றையும் காட்டுகிறேனே” என்று ஆசைப்படாமல் இருப்பது.

எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும் ஏதாவது ஒன்று கைவிடும். அன்றும் நடந்தது. பேச்சின் நடுவில் ஸ்லைடை நகர்த்தும் கிளிக்கர் வேலை செய்யவில்லை. பின்னால் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க, ஜாப்ஸ் தன் பழைய கூட்டாளி வாஸ்னியாக் இளமையில் டிவி சிக்னலைக் குலைக்கும் ஒரு சின்னக் கருவி செய்து, கல்லூரி விடுதியில் மாணவர்களைப் படுத்திய கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். கிளிக்கர் சரியானது, தொடர்ந்தார்.

2014 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் இதற்கு நேரெதிர். சாம்சங்கின் வளைந்த திரை டிவியை அறிமுகப்படுத்த ஹாலிவுட் இயக்குநர் மைக்கேல் பே மேடையேறினார். சில வாக்கியங்களிலேயே தடுமாறினார், மன்னிப்புக் கேட்டார், மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். உற்சாகத்தில் கூட இருந்த அதிகாரியின் வரியைத் தாண்டித் தான் பேசிவிட்டதாகவும், அதனால் வரிகள் ஓடும் டெலிபிராம்ப்டர் தடம் மாறிவிட்டதாகவும் பிறகு அவரே எழுதினார். கோடிக்கணக்கான டாலர் படங்களை இயக்குகிறவருக்கு இரண்டு நிமிடம் டிவியைப் பற்றிப் பேசத் தெரியாமல் இல்லை. பேச்சின் ஓட்டம் மனதில் இல்லாமல் கண்ணாடியில் மட்டும் இருந்தது. கடைசி வரி எது என்று தெரிந்திருந்தால் எந்தச் சந்திலிருந்தும் அதற்குப் போய்ச்சேர்ந்துவிடலாம். அடுத்த வரி எது என்று மட்டும் தெரிந்திருந்தால், அது தப்பிய இடத்தில் எல்லாம் தப்பிவிடும்.

எதிர்பார்ப்பு அளவு மீறிப் போவதும் ஒரு விபத்துதான். 2001-இன் தொடக்கத்தில், டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் ஏதோ ஒரு ரகசியப் பொருளைச் செய்துகொண்டிருக்கிறார் என்று அமெரிக்காவில் செய்தி கசிந்தது. அது என்னவென்று சொல்லாமல், நகரங்களையே மாற்றியமைக்கும் என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. பறக்கும் வாகனமா, புதுவகை எரிசக்தியா என்று மக்கள் பல மாதம் ஊகித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தொலைக்காட்சியில் திரை விலகியபோது, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு ஓட்டும் வண்டி வந்தது, செக்வே. நல்ல பொறியியல்தான். ஆனால் ஒவ்வொருவரும் மனதில் கட்டிவைத்திருந்ததோடு ஒப்பிட்டால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும். ஜாப்ஸ் மேக்கையும் ஐபாடையும் சொல்லி ஏற்றிவிட்ட கையோடு, ஐபாட், ஃபோன், இணையம் என்று மூன்று வேலிகளை நட்டுவிட்டார். கற்பனை அந்த வேலிக்குள்தான் ஓட முடிந்தது.

ஒற்றை வரியைப் பற்றிப் பேசினால் நம் நாட்டு உதாரணம் ஒன்றைத் தவிர்க்க முடியாது. 2008 ஜனவரி 10, டெல்லி வாகனக் கண்காட்சி. ஒரு லட்சம் ரூபாயில் கார் என்று ரத்தன் டாடா பேச ஆரம்பித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் இரும்பு விலை ஏறியது, முடியவே முடியாது என்று போட்டியாளர்கள் சொன்னார்கள். நாடு முழுவதும் ஒரே கேள்வி: அந்த விலை நிற்குமா? டாடா நானோ மேடைக்கு வந்தது. ரத்தன் டாடா, செலவுகள் ஏறியிருந்தாலும் வரியும் போக்குவரத்துச் செலவும் நீங்கலாக விலை ஒரு லட்சம்தான் என்று அறிவித்துவிட்டு, வாக்கு என்றால் வாக்குதான் என்றார்.

இதில் காரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, இன்ஜின் இல்லை, மைலேஜ் இல்லை. ஆனால் மக்கள் மனதில் ஐந்தாறு வருடமாக நின்ற கேள்விக்கு அதுதான் நேரான பதில். ஜாப்ஸ் மூன்று நிமிடத்தில் கட்டியதை டாடா ஆண்டுக்கணக்கில், வேண்டுமென்றோ வேண்டாமலோ, கட்டியிருந்தார். மேடையில் தனியாக ஏற்றிவிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அதே வரியின் இன்னொரு பக்கமும் உண்டு. நினைவில் நின்றது விலைதான் என்பதால், காரும் விலையாகவே நின்றுவிட்டது. ‘உலகிலேயே மலிவான கார்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கார் வாங்குவது அந்தஸ்து என்று நினைக்கும் நாட்டில், மலிவான காரை வாசலில் நிறுத்த யாருக்கு ஆசை வரும்? மலிவான கார் என்று விற்றது தவறு என்று பின்னாளில் ரத்தன் டாடாவே சொன்னார். வேறு பல காரணங்களும் சேர்ந்து 2018-இல் உற்பத்தி நின்றது. ஒற்றை வரியை எழுதுகிறவர், இது மறக்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. மறக்காமல் பத்து வருடம் நின்றால் பரவாயில்லையா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வைத்து நாமே ஒன்று எழுதிப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒரு கற்பனைக் கம்பெனி, சத்தம் மிகக் குறைந்த ஒரு வெட் கிரைண்டரைச் செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீலர்கள் ஒரு நூறு பேர், ஒரு ஹோட்டல் ஹால், பத்து நிமிடம்.

எல்லாரும் எழுதுகிற மாதிரி எழுதினால், முதலாளி பேசுவார், சிறப்பு விருந்தினர் பட்டுத்துணியை இழுப்பார், கிரைண்டர் தெரியும், பிறகு அதைப் போட்டுக் காட்டி, “பாருங்கள், சத்தமே இல்லை” என்பார்கள். இதில் கேட்கிறவருக்கு வேலையே இல்லை. பொருளின் ஒரே பெருமை காதுக்குப் புலப்படாதது என்றால், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மேடை நடுவில் துணி மூடிய மேஜை. டீலர்கள் உள்ளே வருவதற்கு முன்பே அதற்குள் கிரைண்டரை ஓடவிட்டுவிட வேண்டும். ஒற்றை வரி தானாக வந்துவிடுகிறது: “நீங்கள் உள்ளே வந்ததிலிருந்து இது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.”

இனி அந்த வரியிலிருந்து பின்னோக்கி எழுதலாம். இடைவெளியில் கூட்டம் என்ன செய்ய வேண்டும்? காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். அப்படியானால் அதற்கு முன்னால் அவர்கள் மனதில் கிரைண்டர் சத்தம் இருக்க வேண்டும். அதற்கு யாரும் மறுக்காத இரண்டு படிகள் போதும். காகிதத்தில் இப்படி வரும்:

பேச்சு: “கிரைண்டர் போட்டால் பிள்ளை எழுந்துவிடும் என்று தொட்டிலைப் பார்த்துப் பார்த்து அரைத்த வீடு நம் எல்லார் வீடும்.”
மேடை: திரை வெறுமை. இசை கிடையாது.

பேச்சு: “இப்போது அபார்ட்மென்ட் வந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டால் கீழ்வீட்டுக்காரர் பெல் அடிக்கிறார்.”
மேடை: சிரிப்பு வரும். அது அடங்கும்வரை பேசக் கூடாது.

பேச்சு: “ஒரு நிமிடம். இந்த ஹாலில் இப்போது என்ன சத்தம் கேட்கிறது?”
மேடை: மேஜைப் பக்கம் நான்கு அடி நடந்து போகவும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணவும். யாராவது “ஏசி” என்று சொல்வார். பதில் சொல்லாமல் துணியை எடுக்கவும்.

இடைவெளி என்று மட்டும் எழுதினால் பதற்றத்தில் யாரும் விட மாட்டார்கள், மேடையில் நிற்பவருக்கு ஒரு நொடியே ஐந்து நொடியாகத் தெரியும். அதனால்தான் நடப்பதையும் எண்ணுவதையும் எழுதியே கொடுத்திருக்கிறேன். துணியை எடுத்ததும் கல் சுற்றுவதும் மாவு புரள்வதும் தெரியும். முன்வரிசைக்குப் புரிந்துவிடும், சத்தம் எழும். அது பின்வரிசைவரை போன பிறகுதான் அந்த வரி.

இதற்கும் ஒரு தங்கப் பாதை தேவை. உளுந்து போட்டால் கதை கந்தல், நடுநடுவே தண்ணீர் தெளித்து வழித்துவிட வேண்டும், துணிக்கு அடியில் யார் கை விடுவது? ஊறிய அரிசியைத் தண்ணீர் சற்றுத் தாராளமாக விட்டு முன்கூட்டியே போட்டுவிட்டால், பத்துப் பன்னிரண்டு நிமிடம் தன்போக்கில் ஓடும். வெறும் தொட்டியில் கல்லை ஓட்டக் கூடாது, கல்லோடு கல் உரசும் சத்தம் வேறு. பேச்சாளரின் காலர் மைக் மேஜைக்குப் பக்கத்தில் போகும்போது ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று மோட்டார் கேட்கிறதா என்று முந்தின நாளே நடந்து பார்க்க வேண்டும். ஏசியை நிறுத்திவிட்டு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் சத்தம் தெரிகிறது என்றால், இந்தப் பேச்சையே கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுத வேண்டும். பொருள் செய்யாததை எழுத்து செய்ய முடியாது.

இன்னொன்று, நுழைவாயிலில் பத்தடி பேனரில் ‘சத்தமில்லா கிரைண்டர் அறிமுக விழா’ என்று அடித்துவிட்டால் முடிந்தது. அழைப்பிதழ், பேனர், வரவேற்பில் வைக்கும் துண்டுப் பிரசுரம், தொகுப்பாளர் கையில் இருக்கும் அட்டை, எல்.ஈ.டி. திரையை இயக்கும் பையனின் லேப்டாப் எல்லாவற்றையும் எழுதுகிறவர்தான் பார்க்க வேண்டும். ரகசியம் பெரும்பாலும் இந்த ஐந்து இடங்களில்தான் கசிகிறது. ஐஃபோனை ஜூன் மாதம்தான் விற்கப்போகிறார்கள் என்றாலும் ஜனவரியிலேயே அறிவித்ததற்கு ஜாப்ஸ் மேடையில் சொன்ன காரணமும் இதுதான். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் ஒப்புதலுக்குப் போனால் அரசுக் காகிதத்திலேயே பொருள் வெளியே வந்துவிடும், அவர்கள் அறிமுகப்படுத்துவதைவிட நாமே அறிமுகப்படுத்திவிடலாம் என்று நினைத்தோம் என்றார்.

வரியைச் சொன்ன பிறகு நம் முதலாளி செய்ய வேண்டியது ஒன்றே: வாயை மூடிக்கொண்டு நிற்பது. டீலர்கள் எழுந்து வந்து துணிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள், தொட்டியில் கை வைப்பார்கள், யாராவது ஒருவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்ப்பார். அவர்கள் நாற்காலிக்குத் திரும்பிய பிறகு மாடலின் பெயர், விலை, டீலர் கமிஷன். பொன்னாடையும் நன்றியுரையும் அதற்கும் பிறகு.